லோடிங் நேரம் மாறும்போது டிரான்ஸ்போர்ட் நிறுவனங்களுக்கு அறிவிப்பு எழுதும் முறை

கிடங்கின் டிஸ்பாட்ச் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதலில் ஒப்படைக்கப்படும் எழுத்து வேலைகளில் ஒன்று, லோடிங் நேரம் மாறியிருப்பதை டிரான்ஸ்போர்ட் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கும் அறிவிப்பு. பார்வைக்கு அது அரைப்பக்க வேலைதான். ஆனால் "இனி மாலை 6 மணி வரை மட்டுமே லோடிங் நடைபெறும், தாமதமாக வரும் வண்டிகள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா" என்று இரண்டே வரியில் எழுதி அனுப்பினால், மறுநாள் மாலை ஐந்தரை மணிக்கு வாசலில் ஏழெட்டு லாரிகள் நிற்கும். ஒவ்வொரு டிரைவரும் ஆறு மணிக்கு முன்பே வந்துவிட்டதாகச் சொல்வார். அறிவிப்பின்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

ஆகையால் அறிவிப்பின் சொற்களைத் தேடுவதற்கு முன், அதில் வரப்போகும் நேரங்களைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கிலிருந்து தொடங்கி, கெடு தவறினால் என்ன நடக்கும் என்பதை எப்படி எழுதுவது என்பது வரை, ஒரே ஓர் உதாரணக் கிடங்கை வைத்துச் செல்கிறது.

உதாரணக் கிடங்கு

லாரியை நிறுத்திச் சரக்கு ஏற்றும் நான்கு டாக்குகளும் ஒரே ஓர் எடைமேடையும் உள்ள ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். இதுவரை அங்கே காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, வந்த வரிசைப்படி லோடு ஏற்றி வந்தார்கள். இனி இரவு ஷிப்ட் கிடையாது. காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே டாக்கில் வேலை. வந்த வரிசைக்குப் பதிலாக ஒவ்வொரு வண்டிக்கும் டாக்கில் ஒரு குறித்த நேரம், அதாவது ஸ்லாட், ஒதுக்கப்படும். முதல் இரண்டு டாக்குகளில் பெட்டிகளைக் கையால் அடுக்கும் லோடும், மற்ற இரண்டில் ஃபோர்க்லிஃப்ட் கொண்டு பாலட்டுகளை ஏற்றும் லோடும் நடக்கின்றன. கையால் அடுக்க 2 மணி நேரமும் பாலட் ஏற்ற 45 நிமிடமும் பிடிக்கின்றன. இந்த நேரங்களை மேலாளரின் நினைவிலிருந்து கேட்டு எழுதக் கூடாது. ஒரு வாரத்து கேட் பதிவேட்டையும் டாக் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுக்க வேண்டும். கேட்டால் எல்லோரும் நல்ல நாளின் நேரத்தையே சொல்வார்கள். நமக்கு வேண்டியது சாதாரண நாளின் நேரம்.

"6 மணி" என்பது எதன் 6 மணி?

ஒரு லாரி கிடங்கின் வாசலுக்கு வந்தது முதல் வெளியேறுவது வரை பல கட்டங்கள் உள்ளன. வாசலில் டிரைவரின் உரிமமும் வண்டியின் காகிதங்களும் சரிபார்க்கப்படும். பிறகு காலி எடை போடப்படும். பிறகு வண்டி டாக்கில் பின்னோக்கி வந்து பொருந்தும். தரைப்பலகையும் தார்ப்பாயும் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்ப்பார்கள். லோடு ஏறும். வண்டி டாக்கை விட்டு நகரும். தார்ப்பாய் கட்டுவதும் சீல் வைப்பதும் லோடு எடை போடுவதும் இன்வாய்ஸ் வாங்குவதும் அதற்கு அடுத்து வரும். "6 மணி வரை" என்று பொதுவாகச் சொன்னால் இவற்றில் எந்தக் கட்டம் 6 மணிக்கு முடிய வேண்டும் என்பது சொல்லப்படவில்லை. கிடங்குக்காரர் லோடு ஏறி முடிவதை நினைத்து எழுதுகிறார். டிரைவர் வாசலுக்கு வந்து சேர்வதை நினைத்துப் படிக்கிறார். இடையில் மூன்று மணி நேர வித்தியாசம் இருக்கிறது.

எனவே முதல் படி, டாக்குகள் காலியாகும் நேரத்தை அடியில் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுவது. நம் கிடங்கில் 6 மணி என்பது கடைசி வண்டி டாக்கை விட்டு நகரும் நேரம் என்று வைப்போம். கையால் அடுக்கும் லோடுக்கு, டாக்கில் பொருந்த 15 நிமிடம், ஏற்ற 120 நிமிடம், கதவை மூடி நகர 15 நிமிடம் என்று மொத்தம் 150 நிமிடம் டாக் பிடிபடுகிறது. ஆகவே அந்த வண்டி 3.30 மணிக்கு டாக்கிற்கு வர வேண்டும். பாலட் லோடுக்கு 15, 45, 15 என்று 75 நிமிடம், அது 4.45 மணிக்கு டாக்கிற்கு வந்தால் போதும். இரு வகைக்கும் ஒரே கடைசி நேரம் கொடுப்பது எளிமையாகத் தோன்றினாலும், அப்படிக் கொடுத்தால் ஒன்று பாலட் வண்டிகள் வீணாக ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாக வந்து கிடக்கும், அல்லது கைலோடு வண்டிகள் பாதி ஏற்றிய நிலையில் நிற்கும்.

வாசலில் பதிவு செய்ய வேண்டிய நேரம்

டாக்கிற்கு வர வேண்டிய நேரம் கிடைத்துவிட்டது. டிரைவருக்கு அது உதவாது; அவருக்குத் தெரிய வேண்டியது வாசலில் எப்போது இருக்க வேண்டும் என்பது. காகிதம் பார்க்க 15 நிமிடம், காலி எடை போட 10 நிமிடம், ஆக 25 நிமிடம் முன்னதாக வந்தால் போதும் என்று கணக்கு சொல்லும். புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஒரு வண்டிக்கு அந்தக் கணக்கு சரிதான். நான்கு டாக்குகளும் ஒரே நேரத்தில் காலியாகும்போது நான்கு வண்டிகள் ஒன்றாக வருகின்றன. எடைமேடை ஒன்றே ஒன்றுதான். வாசலில் நான்கு பேரின் காகிதங்களையும் சேர்த்துப் பார்க்க ஆட்கள் இருந்தாலும், எடைமேடையில் ஒன்றன்பின் ஒன்றாக 10 நிமிடம் வீதம் 40 நிமிடம் போய்விடும். முதல் 15 நிமிடத்தையும் சேர்த்தால் நான்காவது வண்டி டாக்கிற்குத் தயாராக 55 நிமிடம் ஆகிறது. ஆகவே அறிவிப்பில் எழுத வேண்டியது, ஸ்லாட் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு என்பது.

இதிலிருந்து, கடைசி கைலோடு வண்டி பிற்பகல் 2.30 மணிக்குள்ளும், கடைசி பாலட் வண்டி 3.45 மணிக்குள்ளும் வாசலில் பதிவாகி இருக்க வேண்டும் என்று வருகிறது. மாலை 6 மணி என்று தொடங்கிய பேச்சு டிரைவருக்கு 2.30 மணியில் போய் நிற்கிறது. இந்த இடைவெளியைத்தான் அறிவிப்பு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதே கணக்கைக் காலைக்கும் போட்டுப் பார்ப்பது அவசியம். முதல் ஸ்லாட் 6 மணிக்கு என்றால் வாசல் 5 மணிக்குத் திறந்திருக்க வேண்டும். காவலாளியும் எடைமேடை எழுத்தரும் அந்த நேரத்தில் பணியில் இருக்க வேண்டும். வாசலும் 6 மணிக்கே திறக்கும் கிடங்கில் முதல் ஸ்லாட் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் தாமதமாகவே தொடங்கும், அந்தத் தாமதம் அடுத்தடுத்த ஸ்லாட்டுகளுக்கும் தொடரும். மாலையிலும் அப்படியே: 6 மணிக்கு டாக்கை விட்ட வண்டிக்குத் தார்ப்பாய், சீல், லோடு எடை, காகிதம் எல்லாம் சேர்த்து இன்னும் 45 நிமிடமாவது ஆகும், கடைசி வண்டிகள் ஒன்றாக நகர்ந்தால் எடைமேடையில் வரிசை நின்று அது மேலும் நீளும். எனவே வாசல் 7.30 மணி வரை இயங்கும் என்று உள்ளே உள்ளவர்களிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்ட பிறகே அறிவிப்பை வெளியே அனுப்ப வேண்டும். வெளியே கெடு விதித்துவிட்டு உள்ளே ஆள் இல்லாமல் போனால், அடுத்த கெடுவை யாரும் மதிக்க மாட்டார்கள்.

நாளுக்கு எத்தனை ஸ்லாட், நடுவில் எவ்வளவு இடைவெளி

காலை 6 முதல் மாலை 6 வரை ஒரு டாக்கிற்கு 720 நிமிடம். கைலோடு டாக்கில் 150 நிமிடம் வீதம் நான்கு வண்டிகள் என்றால் 600 நிமிடம். பாலட் டாக்கில் 75 நிமிடம் வீதம் எட்டு வண்டிகள், அதுவும் 600 நிமிடம். மீதமுள்ள 120 நிமிடத்தில் பணியாளர்களின் இடைவேளை ஒரு மணி நேரம். எஞ்சிய ஒரு மணி நேரத்தை எங்கே வைப்பது என்பது ஒரு முக்கியமான முடிவு. அதை நாளின் இறுதியில் வைத்தால், கடைசியாக வருபவர்கள் அதைத் தங்களுக்கான சலுகை நேரமாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு மாதத்தில் 6 மணி என்பது 7 மணி ஆகிவிடும். நடுவில் வைத்தால் காலையில் சேர்ந்த தாமதம் அங்கேயே கரைந்து, பிற்பகல் புதிதாகத் தொடங்கும். நான் எப்போதும் நடுவில் வைப்பதையே பரிந்துரைப்பேன்.

அப்படி வைத்தால் கைலோடு டாக்கின் ஸ்லாட்டுகள் 6.00, 8.30, 11.00, பிறகு பிற்பகல் 3.30. பாலட் டாக்கின் ஸ்லாட்டுகள் 6.00, 7.15, 8.30, 9.45, 11.00, 12.15, பிறகு 3.30, 4.45. இரு வகையிலும் 1.30 முதல் 3.30 வரை இடைவேளையும் இடைவெளியும். இரண்டு கைலோடு டாக்குகளில் எட்டு, இரண்டு பாலட் டாக்குகளில் பதினாறு, ஆக நாளொன்றுக்கு இருபத்து நான்கு வண்டிகள். அன்றாடம் முப்பது வண்டிகள் வந்துகொண்டிருந்த கிடங்கானால் இந்த அட்டவணை தாங்காது என்பது இப்போதே தெரிந்துவிடும். அறிவிப்பை அனுப்பிய பிறகு தெரிவதைவிட அது நல்லது.

முந்தைய நாள் கெடு

ஸ்லாட் முறை நடக்க, எந்த ஸ்லாட்டுக்கு எந்த வண்டி வருகிறது என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். இதற்கு இரண்டாவது கெடு ஒன்று தேவை: வண்டி எண், வண்டியின் வகை, டிரைவரின் கைபேசி எண் ஆகியவற்றை முந்தைய வேலை நாள் மாலை 4 மணிக்குள் தர வேண்டும். "முந்தைய நாள்" என்று மட்டும் எழுதினால், திங்கட்கிழமை லோடுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை யாரும் இல்லாத அலுவலகத்துக்கு விவரம் வந்து சேரும். "முந்தைய வேலை நாள்" என்ற சொல் அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. மாலை 4 மணி என்பதற்கும் காரணம் இருக்க வேண்டும். நிரம்பாத ஸ்லாட்டுகளை வேறு நிறுவனங்களுக்குக் கொடுக்கவும், சரக்கை இரவுக்குள் எடுத்து வைக்கும் பட்டியலைத் தயாரிக்கவும் அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். காரணத்தை அறிவிப்பிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால், அந்தக் கெடுவின் மீதான தொலைபேசி வாக்குவாதங்கள் குறையும்.

கடைசி நேரத்தில் வண்டி பழுதாகி வேறு வண்டி அனுப்புவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. அதைத் தடை செய்து எழுதுவது பயனற்றது. அதே வகை வண்டியாக இருந்தால், வாசல் பதிவுக்கு முன் புதிய எண்ணைத் தெரிவித்துவிட்டால் ஸ்லாட் மாறாது என்று எழுதலாம். வகை மாறினால் அந்த ஸ்லாட் கிடைக்காது, ஏனெனில் எடுத்து வைத்த சரக்கு அந்த வண்டிக்குள் அடங்காமல் போகலாம், அல்லது வண்டியின் உயரம் டாக்கிற்குப் பொருந்தாமல் போகலாம்.

எந்தக் கடிகாரம், எந்தப் பதிவேடு

கெடு தவறியதா இல்லையா என்ற சண்டை ஏறக்குறைய எப்போதும் "நான் எப்போதோ வந்துவிட்டேன், வரிசையில்தான் நின்றேன்" என்ற வாக்கியத்தில் தொடங்கும். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். வாசலுக்கு வெளியே வரிசை நிற்கும் கிடங்கில், வாசல் பதிவேட்டில் எழுதிய நேரத்தை வைத்து டிரைவரைத் தாமதக்காரர் ஆக்குவது நியாயமில்லை. இதற்கு வழி, வரிசையின் வால்பகுதிக்கே காவலாளி போய் நேரம் எழுதிய டோக்கன் கொடுப்பது. அறிவிப்பில் "வந்து சேர்ந்த நேரம் என்பது டோக்கனில் எழுதப்பட்ட நேரம், டோக்கன் பெறாத வண்டி வந்ததாகக் கருதப்படாது" என்று ஒரே வரியில் வரையறுத்துவிட வேண்டும். வாசலில் ஒரே கடிகாரம் டிரைவரின் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டியிருப்பதும் நல்லது. டோக்கனின் அடிக்கட்டையில் டிரைவரின் கையொப்பம் வாங்கிக்கொண்டால், பிறகு கணக்குப் பிரிவில் எழும் கேள்விகளுக்கு அது போதும்.

தாமதத்துக்கு என்ன விளைவு

விளைவுகளை எழுதும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, "கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" போன்ற, எவருக்கும் எதுவும் தெரிவிக்காத வாக்கியம். மற்றொன்று, நிறைவேற்ற முடியாத கடுமை. ஐந்து நிமிடம் தாமதமானாலும் திருப்பி அனுப்பப்படும் என்று எழுதிவிட்டு, அவசரச் சரக்கு ஏற்ற வந்த வண்டியை முதல் நாளே உள்ளே விட்டால் அறிவிப்பு அன்றோடு செத்துவிடும். வாசலில் நிற்கும் காவலாளி யாரையும் கேட்காமல் தானே நிறைவேற்றக்கூடிய விளைவையே எழுத வேண்டும்.

நம் கிடங்கில் அதை இப்படிப் படிப்படியாக வைக்கலாம். பதிவு நேரத்துக்கு 30 நிமிடம் வரை தாமதமாக வந்த வண்டிக்கு ஸ்லாட் பறிபோகாது, ஆனால் எடைமேடையில் அந்தச் சுற்றின் கடைசி வண்டியாக அது போகும். இந்த 30 நிமிடமும் கணக்கிலிருந்து வருவதுதான்: மற்ற மூன்று வண்டிகளும் 45-ஆவது நிமிடத்தில் எடை முடித்திருக்கும், தாமதமான வண்டியும் 30-ஆவது நிமிடத்தில் வந்து காகிதம் முடித்து அதே 45-ஆவது நிமிடத்தில் எடைமேடைக்கு வந்து நிற்கும். ஒரு சுற்றில் ஒரு வண்டி மட்டும் தாமதமானால் டாக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வண்டிகள் தாமதமானால் இரண்டாவது வண்டி ஐந்து நிமிடம் பிந்தும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஸ்லாட் கைவிடப்பட்டதாகக் கருதி, வாசலில் காத்திருக்கும் வேறு வண்டிக்கு அது கொடுக்கப்படும். தாமதமான வண்டி அன்று வேறு ஸ்லாட் காலியானால் அதில் ஏறலாம். இல்லையெனில் அடுத்த வேலை நாளுக்குப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அன்றைய கடைசி ஸ்லாட்டுகளான 3.30 கைலோடுக்கும் 4.45 பாலட்டுக்கும் இந்த 30 நிமிடச் சலுகை கிடையாது, ஏனெனில் அவற்றுக்குப் பின்னால் தாமதத்தை உள்வாங்க இடமே இல்லை. இந்த விதிவிலக்கை அறிவிப்பில் தனி வரியாகப் போட வேண்டும். மற்ற விதிகளுக்கு நடுவே புதைந்து கிடந்தால், அதிகம் சண்டை வருவது அதைப் பற்றித்தான் இருக்கும்.

காத்திருப்புக் கட்டணத்தைப் பற்றி எழுதுவதில் மிகுந்த கவனம் தேவை. டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தத்தில், வண்டி வந்து இத்தனை மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தால் கட்டணம் உண்டு என்று பெரும்பாலும் ஒரு விதி இருக்கும். பழைய முறையில் அந்தக் கடிகாரம் வண்டி வாசலுக்கு வந்ததும் ஓடத் தொடங்கியது. ஸ்லாட் முறையில், 3.30 ஸ்லாட்டுக்குக் காலை 9 மணிக்கே வந்து நிற்கும் வண்டிக்கும் 9 மணியிலிருந்து கணக்கு ஓடினால் கிடங்குக்கு நட்டம். ஆகவே "காத்திருப்பு நேரம் ஸ்லாட் நேரத்திலிருந்து கணக்கிடப்படும்" என்று எழுதத் தோன்றும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தால் ஓர் அறிவிப்பு அதை மாற்றிவிடாது. பணத்தைத் தொடும் எந்த விளைவையும், அபராதம் உட்பட, ஒப்பந்தத்தைப் பார்த்து, தேவையானால் இரு தரப்பும் கையொப்பமிட்ட திருத்தம் வாங்கிய பிறகே எழுத வேண்டும். அதுவரை அறிவிப்பில் ஸ்லாட் போவதையும் மறுபதிவையும் மட்டும் சொன்னால் போதும். நடைமுறையில் அவையே டிரான்ஸ்போர்ட்காரரைச் சுடும், ஏனெனில் ஒரு நாள் நின்ற வண்டிக்கு அன்றைய வருமானம் இல்லை.

கிடங்கு தவறினால் என்ன என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். நேரத்தில் வந்த வண்டியைக் கிடங்கு ஸ்லாட் நேரத்தில் டாக்கில் விடாவிட்டால், அந்த வண்டி அன்றே, மாலை 6 மணியைக் கடந்தாலும் ஏற்றி அனுப்பப்படும் என்ற உறுதி இருந்தால், மற்ற விதிகளை ஏற்பதில் டிரான்ஸ்போர்ட்காரருக்குத் தயக்கம் குறையும். ஒரு பக்கத்துக்கு மட்டும் விளைவு எழுதிய அறிவிப்பைப் படிப்பவர் அதை மிரட்டலாக மட்டுமே எடுத்துக்கொள்வார்.

எப்போதிருந்து

நடைமுறைக்கு வரும் நாளைக் குறிப்பிடும்போது, எந்த நாளின் லோடிங்குக்கு என்று சொல்ல வேண்டும். ஆர்டர் எடுத்த நாளா, வண்டி கேட்ட நாளா, லோடு ஏற்றும் நாளா என்ற குழப்பம் முதல் வாரம் முழுக்க ஓடும். "ஜூன் 15 முதல்" என்று மட்டும் எழுதாமல், "ஜூன் 15, திங்கட்கிழமை காலை 6 மணி ஸ்லாட்டிலிருந்து ஏற்றப்படும் எல்லா வண்டிகளுக்கும், அவை எப்போது கேட்கப்பட்டிருந்தாலும்" என்று எழுதினால் கேள்வி எழாது. கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று நாட்காட்டியில் பார்க்கவும் வேண்டும். "இரவு 12 மணி" என்பதைத் தவிர்க்கவும்; அது எந்த நாளின் முடிவு என்பதில் இருவேறு கருத்து வரும்.

தொலைதூரம் சென்ற வண்டிகள் திரும்பிவரப் பல நாட்கள் ஆகும் என்பதால், இரண்டு வார அவகாசம் தருவது நியாயமானது. கூடவே முதல் மூன்று நாட்களுக்கு ஸ்லாட் இழப்பு விதி மட்டும் பொருந்தாது, டோக்கன் நேரம் மட்டும் பதிவு செய்யப்படும் என்று ஒரு பழகுகாலம் வைக்கலாம். அது முடியும் தேதியும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும்.

அறிவிப்பின் முழு வடிவம்

மேலே எடுத்த முடிவுகள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்தில் இப்படி அமையும். காரணங்கள் இதில் மிகக் குறைவாகவே இருப்பதைக் கவனிக்கவும். கணக்கு நம் மேசையில் இருந்தால் போதும்.

> நாள்: ஜூன் 1
> பெறுநர்: பதிவு பெற்ற டிரான்ஸ்போர்ட் நிறுவனங்கள் அனைத்தும்
> பொருள்: லோடிங் நேர மாற்றம் – ஜூன் 15, திங்கட்கிழமை முதல்
>
> ஐயா/அம்மையீர்,
>
> ஜூன் 15, திங்கட்கிழமை காலை 6 மணி ஸ்லாட் முதல் ஏற்றப்படும் எல்லா வண்டிகளுக்கும், அவை எப்போது கேட்கப்பட்டிருந்தாலும், கீழ்க்கண்ட நேரங்கள் பொருந்தும். இரவு லோடிங் ஜூன் 13, சனிக்கிழமையுடன் நிறுத்தப்படுகிறது.
>
> 1. டாக் ஸ்லாட்டுகள். கைலோடு: காலை 6.00, 8.30, 11.00, பிற்பகல் 3.30. பாலட் லோடு: காலை 6.00, 7.15, 8.30, 9.45, 11.00, பகல் 12.15, பிற்பகல் 3.30, மாலை 4.45.
>
> 2. வண்டி எண், வண்டி வகை, டிரைவரின் கைபேசி எண் ஆகியவற்றை லோடிங்குக்கு முந்தைய வேலை நாள் மாலை 4 மணிக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பின் நிரம்பாத ஸ்லாட்டுகள் பிறருக்கு வழங்கப்படும். அதே வகை மாற்று வண்டியின் எண்ணை வாசல் பதிவுக்கு முன் தெரிவித்தால் ஸ்லாட் மாறாது.
>
> 3. ஸ்லாட் நேரத்துக்கு 1 மணி நேரம் முன்பு வண்டி வாசலில் டோக்கன் பெற்றிருக்க வேண்டும். டோக்கனில் எழுதிய நேரமே வந்து சேர்ந்த நேரம். வாசல் காலை 5 மணிக்குத் திறக்கும்.
>
> 4. அன்றைய கடைசி டோக்கன் நேரம்: கைலோடு பிற்பகல் 2.30, பாலட் லோடு பிற்பகல் 3.45. இந்த இரண்டு நேரங்களுக்கும் சலுகை இல்லை.
>
> 5. மற்ற ஸ்லாட்டுகளுக்கு 30 நிமிடம் வரையிலான தாமதத்தில் ஸ்லாட் பறிபோகாது. வண்டி அந்தச் சுற்றில் கடைசியாக எடை போடப்படும். 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஸ்லாட் வேறு வண்டிக்குக் கொடுக்கப்படும். அன்று வேறு ஸ்லாட் காலியாகாவிட்டால் அடுத்த வேலை நாளுக்கு மீண்டும் பதிவு செய்ய வேண்டும்.
>
> 6. நேரத்தில் டோக்கன் பெற்ற வண்டி எங்கள் பக்கத் தாமதத்தால் காத்திருக்க நேர்ந்தால், மாலை 6 மணியைக் கடந்தாலும் அன்றே ஏற்றி அனுப்பப்படும்.
>
> 7. ஜூன் 15 முதல் 17 வரை விதி 5-இல் உள்ள ஸ்லாட் இழப்பு நடைமுறைப்படுத்தப்படாது. ஜூன் 18, வியாழக்கிழமை முதல் முழுமையாகப் பொருந்தும்.
>
> இந்த அறிவிப்பைப் பெற்றதற்கான ஒப்புதலை ஜூன் 5-க்குள் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். ஐயங்களுக்கு டிஸ்பாட்ச் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்.

கீழே பொறுப்பாளரின் பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண், அந்த எண் எடுக்கப்படும் நேரம் ஆகியவை வர வேண்டும். காலை 5 மணிக்கு வாசலில் நிற்கும் டிரைவர் அழைக்கும் எண் 10 மணிக்குத் திறக்கும் அலுவலகத்தின் எண்ணாக இருப்பதில் பயனில்லை. வாசலின் எண்ணையும் சேர்த்துக் கொடுக்கவும்.

டிரைவரிடம் போய்ச் சேர்வது

அறிவிப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போகிறது. கெடுவுக்குள் வர வேண்டியவர் டிரைவர். இருவருக்கும் இடையில் புக்கிங் எழுத்தர், வண்டி உரிமையாளர், சில நேரம் ஒரு தரகர் என்று பலர் இருக்கிறார்கள். எனவே மேற்கண்ட பக்கத்தைத் தவிர, டிரைவருக்கு மட்டும் வேண்டிய மூன்று செய்திகளை, அதாவது ஒரு மணி நேரம் முன்பு டோக்கன், கடைசி டோக்கன் 2.30 மற்றும் 3.45, வாசலின் தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வாசலிலும் எடைமேடையிலும் ஒட்ட வேண்டும். வேற்று மொழிக்காரர்கள் அதிகம் வரும் கிடங்கானால் அவர்களுடைய மொழிகளிலும் ஒட்டுவது முறை. இந்த இரண்டு வாரத்தில் வெளியேறும் ஒவ்வொரு வண்டிக்கும் கேட் பாஸுடன் அதே சீட்டைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம். மீண்டும் வரப்போகிறவர்களில் பலர் அவர்களே.

ஒப்புதல் அனுப்பாத நிறுவனங்களின் பட்டியலை ஜூன் 6 அன்றே எடுத்து ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டும். அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். "எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் வருவது பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருந்தவர்களிடமிருந்துதான்.

முதல் வாரத்தில் பார்க்க வேண்டியவை

தினமும் மாலையில் நான்கு நேரங்களை ஒரே வரியில் எழுதிப் பார்க்கவும்: டோக்கன், காலி எடை முடிந்தது, டாக்கில் பொருந்தியது, டாக்கை விட்டது. டோக்கனுக்கும் எடை முடிவதற்கும் இடையில் 55 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து போனால் தடை வாசலில் இருக்கிறது. பெரும்பாலும் வெளியேறும் லோடு வண்டிகளும் உள்ளே வரும் காலி வண்டிகளும் ஒரே எடைமேடையில் மோதுவதே காரணம். அப்போது டிரைவர்களை மேலும் முன்னதாக வரச் சொல்வது தீர்வாகாது. ஸ்லாட் தொடங்கும் முன் ஒரு மணி நேரம் உள்ளே வரும் வண்டிகளுக்கே எடைமேடையில் முன்னுரிமை கொடுத்துப் பார்க்க வேண்டும். எடை நேரத்தில் முடிந்தும் டாக்கில் பொருந்துவது பிந்தினால், சரக்கு எடுத்து வைக்கப்படவில்லை என்று பொருள். அது முழுக்கக் கிடங்கின் தவறு, விதி 6 அங்கே பொருந்தும். டாக்கில் பொருந்தியதிலிருந்து 135 நிமிடத்தில் கைலோடு வண்டி டாக்கை விடாவிட்டால் நாம் எடுத்த 2 மணி நேரமே தவறாக இருக்கலாம், அல்லது பாலட்டுக்கு உரிய சரக்கு கையால் அடுக்கப்படுகிறது.

நேரங்களில் திருத்தம் தேவைப்பட்டால் பழைய அறிவிப்பின் மேல் பேனாவால் அடித்து எழுதாமல், புதிய தேதியிட்டு, "ஜூன் 1 தேதியிட்ட அறிவிப்புக்கு மாற்றாக" என்று முதல் வரியில் குறிப்பிட்டு முழு அறிவிப்பையும் மீண்டும் அனுப்ப வேண்டும். வாசலில் ஒட்டிய பழைய தாளை அதே நாளில் கிழித்து எடுப்பது யார் என்பதையும் பெயர் சொல்லி ஒப்படைக்கவும்.